வெளியேறும் அறிவித்தல் செல்லாது என்றால் அதை எங்கே சொல்வது?

(திருகோணமலையில் நடந்த சட்ட விளக்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

குச்சவெளிப் பக்கத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெடுங்காலமாக வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். ஒரு நாள் வேலியில் ஓர் அறிவித்தல் ஒட்டப்படுகிறது: இது அரச காணி, 20 நாட்களுக்குள் வெளியேற வேண்டும். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமையை மீளப் பெறல்) சட்டம் குறைந்தது 30 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. ஆகவே அறிவித்தலில் பிழை இருக்கிறது. அதை வாசித்துக் காட்டிய மகனிடம் வீட்டுக்காரர் சொல்கிறார்: "இந்தக் கடதாசியே செல்லாது தம்பி. அவர்கள் வழக்குப் போடட்டும். நீதவானிடம் சொல்லிக்கொள்ளலாம்."

நம் மாவட்டத்தில் பலர் வீட்டை இழப்பது இந்த ஒரு வார்த்தையால்தான். "நீதவானிடம் சொல்லிக்கொள்ளலாம்" என்பது எப்போது சரி, எப்போது பிழை என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சட்டவிரோதமான ஓர் ஆணையை எதிர்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நாமே மேல்நிலை நீதிமன்றத்துக்குப் போய் "இதை இரத்துச் செய்யுங்கள்" என்று கேட்பது. இது நேரடி மனு. மற்றது, பேசாமல் இருந்து, அந்த ஆணையை வைத்து நம்மீது வழக்கு வரும்போது "ஆணையே செல்லாது, ஆகவே என்மீது நடவடிக்கை எடுக்க முடியாது" என்று எதிர்வாதமாகச் சொல்வது.

இரண்டாவது வழி பொய்யான நம்பிக்கை அல்ல. அதற்கு நல்ல மரபு உண்டு. இங்கிலாந்தில் வான்ஸ்வர்த் மாநகர சபை வீட்டு வாடகையை உயர்த்தியது. விண்டர் என்ற குடியிருப்பாளர் உயர்த்திய வாடகையை முழுமையாகக் கட்ட மறுத்தார். சபை வழக்குப் போட்டதும், வாடகையை உயர்த்திய தீர்மானம் அதிகாரத்தை மீறியது என்றார். "அப்படியானால் நேரடி மனு போட்டிருக்க வேண்டும், காலமும் கடந்துவிட்டது" என்று சபை வாதிட்டது. அப்போது அங்கே அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1984இல் அதை ஏற்கவில்லை. அவர் தேடிவந்து வழக்காடவில்லை, இழுத்துவரப்பட்டவர். தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பறிக்க முடியாது என்றது. பிந்திய விசாரணையில் அவர் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாதத்தைக் கேட்பது வேறு, ஏற்பது வேறு.

1998இல் பொடிங்டன் வழக்கில் அதே நீதிமன்றம் இதை இன்னும் உறுதியாகச் சொன்னது. ரயிலில் புகைபிடித்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டவர், அந்தத் தடையே சட்டப்படி செல்லாது என்று குற்றவியல் நீதிமன்றத்திலேயே வாதிடலாம். காரணம் மிக நியாயமானது. அந்தத் தடை எல்லோருக்கும் பொதுவானது. பயணி பிடிபடும் நாள்வரை அதை எதிர்க்க அவருக்கு எந்த வாய்ப்பும் இருக்கவில்லை.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டில், விக்ஸ் வழக்கில், அதே நீதிமன்றம் கதவை மூடியது. திட்டமிடல் சட்டத்தின்கீழ் ஒருவருக்குத் தனிப்பட அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அதை எதிர்த்து மேன்முறையிடும் முறையைச் சட்டமே வகுத்திருந்தது. அவர் அறிவித்தலுக்கு இணங்காமல் இருந்து வழக்கில் மாட்டிக்கொண்ட பின், அறிவித்தல் செல்லாது என்றார். அந்தக் கேள்வி குற்றவியல் நீதிமன்றத்துக்கு உரியதல்ல என்று தீர்ப்பு வந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வாசித்தால் ஒன்று விளங்கும். எதிர்வாதத்துக்கு இடம் உண்டா என்பதை, அந்த ஆணையைப் பிறப்பிக்க அதிகாரம் தந்த சட்டத்தின் சொற்களில்தான் தேட வேண்டும்.

இனி நமது 1979ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். அறிவித்தலுக்கு இணங்காவிட்டால், தகுதிவாய்ந்த அதிகாரி, நடைமுறையில் பெரும்பாலும் பிரதேச செயலாளர், சத்தியக் கடதாசியோடு நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்வார். அழைப்பாணை வரும். காரணம் காட்டச் சொல்வார்கள். இங்கேதான் 9ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. விண்ணப்பத்தில் சொல்லப்பட்ட எதையும் எதிராளி மறுத்து வாதாட முடியாது. ஒரே ஒரு விதிவிலக்குத்தான் உண்டு: எழுதப்பட்ட சட்டமொன்றின்படி அரசு வழங்கிய, இன்னும் நடைமுறையில் உள்ள அனுமதிப் பத்திரமோ வேறு எழுத்து அதிகாரமோ தன்னிடம் இருப்பதாக அவர் நிரூபிக்கலாம். அந்த அதிகாரியிடம் விண்ணப்பத்துக்கு ஆதரவாகச் சாட்சியம் கேட்கவும் நீதவானுக்கு அதிகாரம் இல்லை. வெளியேற்றக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை.

அந்தக் குச்சவெளிக் குடும்பத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அவர்களிடம் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெற்ற, இரத்தாகாத பெர்மிட் இருந்தால், அதை நீதவான் முன் வைக்கலாம், அதுவே எதிர்வாதம். மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, கிராம அலுவலரின் கடிதம், பிரதேச சபையின் வரிப் பற்றுச்சீட்டு எல்லாம் அவர்கள் அங்கே வாழ்ந்ததைக் காட்டும். காணியில் இருக்க அரசு அனுமதித்ததைக் காட்டாது. ஒரு தாய் பை நிறைய இந்தக் கடதாசிகளைக் கட்டிக்கொண்டு நீதிமன்றப் படியேறுவதைப் பார்க்க நெஞ்சு கனக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சட்டம் அங்கே கேட்கும் கேள்வி வேறு.

"இது அரச காணியே இல்லை, எங்களிடம் உறுதி இருக்கிறது" என்றால்? விண்ணப்பத்தில் அரச காணி என்று சொல்லப்பட்டுவிட்டது. 9ஆம் பிரிவு அதை மறுக்க விடாது. 20 நாள் அவகாசம் மட்டுமே தந்த அந்தப் பிழை? கடதாசியின் முகப்பிலேயே தெரியும் குறை என்பதால் சட்டத்தரணி அதை எழுப்பிப் பார்க்கலாம்; எழுப்பவும் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பிக் குடியிருப்பைப் பணயம் வைக்கக் கூடாது.

அந்தப் பிழைகளுக்கு உரிய இடம் நேரடி மனு. அரசியலமைப்பின் 140ஆவது உறுப்புரையின்கீழ், அறிவித்தலை இரத்துச் செய்யும் உறுதிகேள் எழுத்தாணையை மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் கேட்கலாம். இங்கே நம் ஊரிலேயே மாகாண மேல் நீதிமன்றம் இருக்கும்போது ஏன் கொழும்புக்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். இந்தச் சட்டத்தின்கீழான வெளியேறும் அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்று 2013இல் சொலைமுத்து ரசு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வசதியில்லாத ஒருவருக்கு இந்தத் தூரம் எவ்வளவு பெரிய சுமை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அநியாயமான சுமை என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் வழி அதுதான்.

அந்த வழிக்கும் நிபந்தனைகள் உண்டு. எழுத்தாணை உரிமையாகக் கிடைப்பதல்ல. நீதிமன்றத்தின் தற்றுணிபில் கிடைப்பது. தாமதித்தவருக்கும், உண்மையை மறைத்தவருக்கும் மறுக்கப்படலாம். மனுப் போட்டதால் மட்டும் நீதவான் நீதிமன்ற நடவடிக்கை நிற்காது. இடைக்காலக் கட்டளையைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். கட்டளை வந்துவிட்ட பின் இங்குள்ள மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனுச் செய்யலாம். அதற்கு விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும். நீதவான் 9ஆம் பிரிவை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் காட்டுவது கடினம்.

ஆகவே அறிவித்தல் ஒட்டப்பட்ட நாளிலிருந்தே நேரம் ஓடுகிறது. அழைப்பாணை வரும்வரை பொறுத்திருப்பவர், பிழைகளைச் சொல்லக்கூடிய ஒரே இடத்துக்குப் பிந்திப் போகிறார். அறிவித்தலின் திகதியையும், அது ஒட்டப்பட்ட திகதியையும், கையொப்பமிட்டவரின் பெயரையும் பதவியையும், காணி எல்லைகளையும் அன்றைக்கே குறித்து, படமும் எடுத்து வைத்து, அந்த வாரமே சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள். அவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "என்னிடம் 9ஆம் பிரிவுக்குப் போதுமான எழுத்து அதிகாரம் இருக்கிறதா?" என்பதே. இருந்தால் நீதவான் முன் நிற்கலாம். இல்லாவிட்டால் கொழும்புக்கு உடனே மனுத் தயாரிக்க வேண்டும்.

உறுதி வைத்திருப்பவருக்கு மட்டும் இன்னொரு வாசலைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. வெளியேற்றப்பட்ட பின்னும், தன் உரித்தை நிலைநாட்ட அரசுக்கு எதிராக 12ஆம் பிரிவின்படி வழக்குத் தொடுக்கலாம். வென்றால் நியாயமான நட்டஈடும் உண்டு. அதற்குத் தரப்பட்ட காலம் 6 மாதம். அது வீட்டை விட்டு இறங்கிய நாளிலிருந்து அல்ல, வெளியேற்றக் கட்டளை பிறந்த நாளிலிருந்து எண்ணப்படும்.