ஏஜென்சி சம்பளம் தரவில்லையா? கம்பெனிதான் கட்ட வேண்டும், இரண்டாவது முறையாக இருந்தாலும்!

[கேமராவைப் பார்த்து]
"உங்க ஏஜென்சிக்கு நாங்க பணம் கொடுத்துட்டோம், அவங்ககிட்ட போய்க் கேளுங்க." கம்பெனி எச்.ஆர். இப்படிச் சொன்னால், திரும்பி வந்துவிடாதீர்கள். சட்டத்தில் இந்தப் பதில் செல்லாது!

பின்னணி ஒரே வரியில்: ஏஜென்சி தராத சம்பளத்தைக் கம்பெனியே கட்ட வேண்டும் என்று 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவிலும் இருக்கிறது.

[திரையில்: 60 பேர் × 6,000 = 3,60,000]
ஒரு உதாரணம். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை. ஏஜென்சி மூலம் 60 பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய். கம்பெனி ஏஜென்சிக்கு முழுப் பில்லையும் கட்டிவிட்டது. ஏஜென்சியோ ஆளுக்கு 9,000 மட்டும் போட்டுவிட்டு, போனை எடுக்கவில்லை. மீதி 3,60,000 ரூபாயைக் கம்பெனிதான் தொழிலாளர்களுக்குக் கட்ட வேண்டும். அப்புறம் அதை ஏஜென்சியின் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம், இல்லை கடனாக வசூலிக்கலாம். அது அவர்களுக்குள் உள்ள கணக்கு, அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

கம்பெனிக்கு இது அநியாயமில்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏஜென்சியைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி, அதன் பில்லைப் பிடித்து வைக்கும் சக்தியும் கம்பெனியிடம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பழைய சட்டத்தில் ஏஜென்சி சம்பளம் கொடுக்கும்போது கம்பெனியின் ஆள் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். "இந்தத் தொகை என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது" என்று சம்பளப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யோசித்துப் பாருங்கள், சம்பளம் வந்ததா என்று பார்ப்பதே கம்பெனியின் வேலை! இப்போது ஏஜென்சி வங்கி மூலம் போட்டு, எவ்வளவு போட்டது என்று கம்பெனிக்கு மின்னணு முறையில் தெரிவிக்க வேண்டும். அதனால் "எங்களுக்குத் தெரியாது" என்பது இன்னும் பலவீனமான பதில்.

சரி, எல்லைகளும் உண்டு. இந்த 55-ஆம் பிரிவு 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான். முன்பு அது 20 ஆக இருந்தது. உயர்த்தியது தவறு என்பது என் கருத்து. இன்னொன்று, கம்பெனி சம்பளம் கட்டியது என்பதாலேயே நீங்கள் அதன் நிரந்தரத் தொழிலாளி ஆகிவிட மாட்டீர்கள்.

என்ன செய்வது? மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வரவில்லையா, வங்கி ஸ்டேட்மென்ட், கேட் பாஸ், வருகைப் பதிவின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும் சேர்த்தே எழுத்தில் கொடுங்கள். பிறகு லேபர் ஆபீஸில் மனு போடுங்கள், இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து. ஊதியத் தொகுப்புச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் வரை கேட்கலாம். பாக்கியோடு, அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு உத்தரவிடவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

உங்கள் கேட் பாஸில் யார் பெயர் இருக்கிறது, கம்பெனியா ஏஜென்சியா? கமென்டில் சொல்லுங்கள்.