சொந்த வீட்டு வாடகை ஜிடிபியில் உண்டு, சொந்த வீட்டுச் சமையல் இல்லை

[திரையில்: அடுத்தடுத்து இரண்டு வீடுகள்]

வணக்கம். இந்த இரண்டு வீடுகளிலும் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருக்கிறார். இரண்டு வீட்டிலும் மகள்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவள்தான். யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. இந்த வேலைக்கு ஜிடிபியில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், மதிப்பு சுழியம்.

இப்போது மகள்கள் இருவரும் ஓர் ஒப்பந்தம் போடுகிறார்கள். "உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், என் அப்பாவை நீ பார்த்துக்கொள். மாதம் ஆயிரம் நீ எனக்குக் கொடு, ஆயிரம் நான் உனக்குத் தருகிறேன்." இருவர் கையிலும் பணம் கூடவில்லை, குறையவில்லை. முதியவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்பும் அதேதான். ஆனால் முறைப்படி கணக்கெழுதினால் நாட்டின் ஜிடிபி மாதம் 2,000 கூடிவிடும்.

[திரையில்: கோதுமை, மாவு, ரொட்டி]

எப்படி என்று பார்ப்போம். ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓராண்டிலோ ஒரு காலாண்டிலோ உற்பத்தியான பொருள்கள், சேவைகளின் மதிப்புதான் ஜிடிபி. விவசாயி கோதுமையை 20க்கு விற்கிறார். ஆலைக்காரர் அதை மாவாக்கி 35க்கு விற்கிறார். ரொட்டி 60க்குப் போகிறது. மூன்றையும் கூட்டினால் 115 வரும், ஆனால் அதில் கோதுமையையே மூன்று முறை எண்ணியிருப்போம். அதனால் ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்த மதிப்பை மட்டும் எடுக்கிறார்கள்: 20, 15, 25. மொத்தம் 60, கடைசி ரொட்டியின் விலை. இதுவரை சிக்கல் இல்லை.

எதை 'உற்பத்தி' என்று ஒத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. பெயர், உற்பத்தி எல்லை. காசு கைமாறாததெல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குடும்பம் தன் சாப்பாட்டுக்கு விளைவிக்கும் தானியம் உள்ளே வரும். அதை வீட்டிலேயே மாவாக அரைப்பதும், தண்ணீர் சுமந்து வருவதும்கூட விதிப்படி உள்ளேதான். அதே மாவையும் தண்ணீரையும் வைத்துச் சமைத்துப் பரிமாறினால் அது வெளியே!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாக வைத்து, ஒரு தொகையை மதிப்பிட்டு ஜிடிபியில் சேர்க்கிறார்கள். இல்லாவிட்டால், வாடகைக்கு இருப்பவர்கள் அதிகமுள்ள நாட்டையும் சொந்த வீட்டுக்காரர்கள் அதிகமுள்ள நாட்டையும் ஒப்பிட முடியாது. நியாயமான காரணம். அப்படியானால் கடையில் சாப்பிடும் நாட்டையும் வீட்டில் சமைக்கும் நாட்டையும் ஒப்பிட மட்டும் எப்படி முடியும்?

[திரையில்: 1934]

கணக்கர்களிடமும் பதில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு விலைச்சீட்டு கிடையாது. அதை உற்பத்தி என்று ஒத்துக்கொண்டால் வயது வந்த ஏறக்குறைய எல்லாருமே வேலையில் இருப்பவர்கள் ஆகிவிடுவார்கள், வேலையின்மை என்ற எண்ணுக்கே அர்த்தம் இருக்காது. இது வெறும் சாக்கு இல்லை. அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டு 1934இல் அறிக்கை தந்த சைமன் குஸ்நெட்ஸும் இல்லத்தரசிகளின் உழைப்பை விட்டுவிட்டார். ஆனால் விட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டே விட்டார். இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலனை ஊகிப்பது கடினம் என்றும் அதே அறிக்கையில் எழுதினார்.

அதே 1934இல் மார்கரெட் ரீட் என்ற பொருளியலாளர் எளிய சோதனை ஒன்றைச் சொன்னார். இந்த வேலையைக் காசு கொடுத்து வேறொருவரிடம் ஒப்படைக்க முடியுமா? முடியும் என்றால் அது உற்பத்தி. சமையலை ஒப்படைக்கலாம், குழந்தை வளர்ப்பை ஒப்படைக்கலாம். தூக்கத்தை ஒப்படைக்க முடியாது. எனக்கு இந்தக் கோடுதான் இன்னும் நேர்மையானதாகப் படுகிறது.

சரி, இந்த விடுபாடு எங்கே தவறான முடிவுக்கு இழுக்கும்? வீட்டிலிருந்த பெண்கள் பெருமளவில் சம்பள வேலைக்குப் போகும் காலத்தில். அவர்கள் சம்பளம் சேர்கிறது, குழந்தைகள் காப்பகக் கட்டணம் சேர்கிறது, வாங்கிய சாப்பாடும் சேர்கிறது. வீட்டில் நின்றுபோன வேலை கழிக்கப்படுவதில்லை. வளர்ச்சி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். 2020 ஊரடங்கில் இதுவே தலைகீழானது. காப்பகங்கள் மூடியதும் அந்தத் தொகை ஜிடிபியிலிருந்து விழுந்தது. குழந்தைகளை யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், வீட்டில், கணக்குக்கு வெளியே.

[திரையில்: நாள் முழுவதும் ஓடும் கடிகாரம்]

அளக்க வழி இல்லாமல் இல்லை. மக்கள் 24 மணி நேரத்தையும் எப்படிக் கழிக்கிறார்கள் என்று குறித்து வாங்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள் இருக்கின்றன. அவற்றை வைத்து பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் ஒரு மதிப்பீடு தந்தது. கணக்கெடுப்புத் தரவு கிடைத்த 64 நாடுகளில் மட்டும் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலை நடக்கிறது. 200 கோடிப் பேர் தினம் எட்டு மணி நேரம் சம்பளமின்றி உழைப்பதற்குச் சமம். அதில் முக்கால் பங்கு பெண்கள் செய்வது.

அப்புறம், அந்த மணி நேரத்துக்கு என்ன விலை? பணியாளரை வைத்தால் ஆகும் கூலியா, அதே நேரத்தில் அந்தப் பெண் வெளியே சம்பாதித்திருக்கக்கூடியதா? முதல் வழியில் கணக்கிட்டால் மருத்துவர் சமைத்த சோற்றுக்கும் கூலித் தொழிலாளி சமைத்த சோற்றுக்கும் ஒரே விலை. இரண்டாம் வழியில் மருத்துவரின் சோறு பல மடங்கு விலை போகும். இதனால்தான் இந்த எண்ணை ஜிடிபிக்குள் கலக்காமல், பக்கத்தில் துணைக் கணக்காகத் தனியே வெளியிடுகிறார்கள்.

[திரையில்: மீண்டும் இரண்டு வீடுகள், இரவு]

அந்தத் துணைக் கணக்கிலும் மகளின் எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாகத்தான் பதிவாகும். அப்பா இரவில் நான்கு முறை கூப்பிட்டு அவளை எழுப்பினார் என்பதற்கு அதில் பத்தி கிடையாது.