புசுபுசு மேட் வாங்கி நான் பட்ட பாடு! டெல்டா வீட்டு வாசலுக்கு எது சரி?

(முறத்தில் மண்ணைக் காட்டியபடி)

இவ்வளவு மண்ணும் எங்கள் வாசலில் கிடக்கும் கால்மிதி மேட்டைக் கவிழ்த்துத் தட்டியதில் கொட்டியது. வயலில் அள்ளியது இல்லைங்க!

ஆன்லைனில் "30 மி.மீ. பைல்" என்று போட்டிருந்தான். பைல் என்றால் மேட்டின் மேல் நிற்கும் நூல். அது எவ்வளவு உயரம் என்பதுதான் அந்தக் கணக்கு. கால் வைத்தால் மெத்தை மாதிரி இருக்குமே என்று ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். முதல் நாளே கதவு அதில் மாட்டிக்கொண்டது. அப்புறம்தான் ஸ்கேலை எடுத்துக் கதவுக்கடியில் வைத்துப் பார்த்தேன்: இடைவெளி 12 மி.மீ. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அளக்காம வாங்குனா அப்படித்தான்."

சரி, கதவை விடுங்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கத்து மண்ணுக்கு வருவோம். மணல் என்றால் உதறினால் விழும். இது ஆறு கொண்டுவந்து போட்ட களிமண். ஒரு களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. ஐப்பசி மழையில் வயலிலிருந்து வந்து அந்த நீள நூலில் காலைத் துடைத்தால், சேறு அடிவரைக்கும் இறங்கி, காய்ந்து, நூலோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். அதனால் முதலில் காயவிடுங்கள். கவிழ்த்துப் போட்டு, விளக்குமாற்றுக் கட்டையால் அடித்து மண்ணை உதிர்த்துவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் காட்டுங்கள்.

என் தீர்ப்பு: வாசலுக்கு வெளியே விறைப்பான தேங்காய்நார் மேட். அது சேற்றைச் சுரண்டி எடுக்கும். உள்ளே, கதவு இடிக்காத உயரத்தில் ஒரு பருத்தி மேட், ஈரத்தை உறிஞ்ச. அளவு இரண்டடிக்கு மூன்றடி இருந்தால் இரண்டு காலும் தாராளமாக நிற்கும். நார் மேட்டை ஊறவைக்காதீர்கள், தட்டி வெயில் காட்டினால் போதும்.

(மேட்டைத் திருப்பி)

இந்த வெள்ளைத் தூளைப் பாருங்கள். இது சுண்ணாம்பு இல்லை, வழுக்காமலிருக்க அடியில் பூசியிருந்த ரப்பர். மெஷினில் சுடுதண்ணீர் விட்டுத் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்துப் போட்டது என் தப்பு. சூட்டிலும் வெயிலிலும் ரப்பர் பிடிப்பை இழந்து உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்த மேட் மொசைக் தரையில் வழுக்கும், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆபத்து. கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தூள் ஒட்டினால் அன்றே மாற்றிவிடுங்கள். நல்லதாக இருந்தால் பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் காயவையுங்கள்.

நிறத்துக்கு ஒரு வேடிக்கை. நூலை விலக்கி அடியைப் பாருங்கள்: அடியில் கருஞ்சிவப்பு, நுனியில் வெளிர் ரோஸ். வெயில் தின்றது நுனியை மட்டும்தான்! மேற்கு பார்த்த வாசல் என்றால், இழையாக்கும்போதே சாயம் கலந்த பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூல் மேட் கிடைக்கிறதா என்று கேளுங்கள், நிறம் அதிக நாள் நிற்கும்.

உங்கள் வீட்டு மேட்டில் எத்தனை முறம் மண் வந்தது? கமெண்டில் போடுங்கள். பொய் சொல்லக்கூடாது!