முதல்ல தாள், அப்புறம்தான் வட்டம்: ரெண்டாம் வகுப்புப் பண்டிகைப் பாடம்

கேள்வி: "டீச்சர், நான் திருப்பூர் பக்கம் ரெண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 31 பிள்ளைங்க. பொங்கலுக்கு முன்னாடி எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு, உங்க வீட்டுப் பண்டிகையைச் சொல்லுங்கன்னேன். முதல் பையன் தீபாவளி, புது டிரஸ், பட்டாசுன்னான். அப்புறம் எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. முஸ்லிம் பிள்ளைங்களும் அதையே சொன்னாங்க. பீகார்ல இருந்து வந்த பையன் வாயே திறக்கல. படம் வரையச் சொன்னா எல்லாத் தாள்லயும் ஒரே பானைதான். எங்க தப்பு பண்றேன்?"

வணக்கம்மா. முதல்ல வரிசையை மாத்துங்க. நீங்க பேச வச்சுட்டு அப்புறம் வரைய வச்சிருக்கீங்க. ஏழு வயசுப் பிள்ளைக்கு, முன்னாடி பேசினவன் சொன்னதுதான் சரியான பதில். டீச்சர் தலையாட்டினா அது இன்னும் உறுதியாயிடும். அதுக்கப்புறம் அந்த முஸ்லிம் பிள்ளை தீபாவளின்னு சொன்னதைப் பொய்னு எடுத்துக்காதீங்க. இந்த வகுப்புல கேக்குற பதில் இதுதான்னு அது புரிஞ்சுக்கிட்டிருக்கு. அதனால முதல் நாள் அவங்கவங்க இடத்துல உக்காந்து தாள்ல வரையட்டும். மறுநாள் அந்தத் தாளைக் கையில பிடிச்சுக்கிட்டு வட்டத்துக்கு வரட்டும். என்ன பேசுறதுன்னு தெரியாம முழிக்கிற பிள்ளைக்கும் கையில ஏதோ ஒண்ணு இருக்கும்.

இப்ப தாளைப் பத்திச் சொல்றேன், பாதிப் பாடம் அதுலதான் இருக்கு. பானையோ, குத்துவிளக்கோ, கோலமோ முன்னாடியே அச்சடிச்ச தாள் கொடுக்காதீங்க. ஒரு ஓரத்துல சின்னதா பானை இருந்தாலும் எல்லாரும் பானைதான் வரைவாங்க. வெறும் ஏ4 தாள், அதுல மூணு கட்டம், அவ்வளவுதான். தலைப்புல 'பண்டிகை'ன்னு எழுதாதீங்க. 'எங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்திருந்த ஒரு நாள்'னு எழுதுங்க. ஏன் சொல்றேன்னா, சில வீட்டுல பண்டிகையே கொண்டாட மாட்டாங்க. சில வீட்டுல அந்த வருஷம் ஒரு சாவு விழுந்திருக்கும், பொங்கல் வைக்க மாட்டாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கும் சேர்ந்திருந்த நாள்னு ஒண்ணு இருக்கும்ல?

முதல் கட்டம், அன்னைக்கு வீட்டுல என்ன சமைச்சாங்க. ரெண்டாவது, அன்னைக்கு நான் செஞ்ச வேலை. மூணாவது, யார் வந்தாங்க, இல்லன்னா நாங்க யாரைப் பாக்கப் போனோம். எல்லாரும் வாசிக்க மாட்டாங்க, அதனால கட்டத்துக்கு மேல சின்னதா ஒரு அடுப்பு, ஒரு கை, ஒரு கதவுன்னு குறி போட்டு, நீங்க வாயால சொல்லிக் கொடுங்க. புது டிரஸ், பட்டாசு, என்ன வாங்கிக் கொடுத்தாங்கங்கிற கட்டம் வேண்டவே வேண்டாம். அது வந்துட்டா பேச்சு காசுப் பக்கம் போயிடும். வாடகை கொடுக்கவே சிரமப்படுற வீட்டுப் பிள்ளை அந்தக் கட்டத்தை என்ன பண்ணும், சொல்லுங்க?

நடுக் கட்டம், அந்தக் கை போட்ட கட்டம்தான் பாடத்துக்கு உயிர். ரம்ஜான்னா என்னன்னு ஏழு வயசுப் பிள்ளையைக் கேட்டா அதுக்கு விளக்கத் தெரியாது. ஆனா நோன்பு சமயத்துல சாயங்காலம் தூக்குவாளியை எடுத்துட்டுப் பள்ளிவாசலுக்குப் போய் கஞ்சி வாங்கிட்டு வந்தது அதுக்கு நல்லாத் தெரியும். வாளி சுட்டது, பாவாடையில சிந்தினது எல்லாம் சொல்லும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வேணும்னு தட்டுல கேழ்வரகு விதைச்சு, தினமும் தண்ணி தெளிச்சது தன் வேலைன்னு என் வகுப்புல ஒரு பொண்ணு வரைஞ்சா. இன்னொருத்தி மார்கழியில அம்மா வைக்கிற சாணி உருண்டையில பூசணிப்பூ சொருகினது. தன் கையால செஞ்ச வேலையை வரையும்போது பக்கத்துத் தாளைப் பாத்து எழுத முடியாதும்மா. அதுலயே தெரிஞ்சுடும், ஒரே மாதிரி வரையறது நின்னு போச்சா இல்லையான்னு.

இருபது நிமிஷம் போதும். முடிச்ச பிள்ளை உங்ககிட்ட வந்து ஒரு வரி சொல்லட்டும், நீங்க தாளோட பின்பக்கம் அது சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கோங்க. திருத்தாதீங்க. தாளை வீட்டுக்கு மட்டும் கொடுத்து விட்டுறாதீங்க, அம்மாவே வரைஞ்சு அழகா கலர் பண்ணி அனுப்பிடுவாங்க. வேணும்னா, 'நம்ம வீட்டு நாள்ல நான் என்ன வேலை செஞ்சேன்?'னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க, போதும்.

மறுநாள் வட்டம். 31 பேரையும் ஒரே வட்டத்துல உக்கார வைக்காதீங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், பத்தாவது பிள்ளைக்கு அப்புறம் எல்லாம் கால் நீட்டிப் படுத்துடும். எட்டு எட்டுப் பேரா பிரிச்சு, ஒரு நாளைக்கு ஒரு கூட்டம். நாலு நாள்ல முடிஞ்சுடும். மத்தவங்களுக்கு அந்த நேரத்துல எழுத்து வேலை கொடுத்துடலாம். நடுவுல ஒரு மரச் சொப்பு வையுங்க, அது யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும். பேச வேண்டாம்னா சொப்பை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடலாம், ஏன்னு யாரும் கேக்கக் கூடாது.

முதல்ல நீங்க பேசுங்க. பண்டிகைப் பேரைச் சொல்லாம, சின்ன வயசுல நீங்க செஞ்ச ஒரு வேலையைச் சொல்லுங்க. நான் மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சதைச் சொல்வேன். அதுக்கப்புறம் கேக்குறவங்களுக்கு ரெண்டே வாக்கியம் பழக்கி வையுங்க: 'எங்க வீட்டுலயும் அப்படித்தான்', 'எங்க வீட்டுல வேற மாதிரி'. முக்கியமா ஒண்ணு, 'நீ முஸ்லிம்தானே, ரம்ஜானைப் பத்தி எல்லாருக்கும் சொல்லு'ன்னு ஒரு பிள்ளையை எழுப்பி விட்டுறாதீங்க. ஊருக்கே பதில் சொல்ற பாரத்தை அந்தக் குழந்தை தலையில வைக்கிற மாதிரி ஆயிடும். தன் வீட்டைப் பத்திச் சொன்னாப் போதும்.

உங்க பீகார் பையனுக்கு வர்றேன். என் வகுப்புலயும் ஒருத்தன் இருந்தான், அப்பா பனியன் கம்பெனியில வேலை. முதல் கட்டத்துல பழுப்பு நிறத்துல வட்ட வட்டமா போட்டிருந்தான். நடுக் கட்டத்துல நீல நீலமா கோடு, அதுக்கு மேல பாதிச் சூரியன், பக்கத்துல ஒரு நீளக் குச்சி. நான் படம் முடியலன்னு நினைச்சு, 'சூரியனை முழுசா போடுப்பா'ன்னு சொல்லிட்டேன். அவன் தலையை ஆட்டிட்டு அப்படியே வச்சிருந்தான். அவனுக்குத் தமிழ் அப்பத்தான் வந்துக்கிட்டிருந்தது. அஞ்சாம் வகுப்புல அவன் அக்கா இருந்தா, மறுநாள் அவளைக் கூப்பிட்டு வட்டத்துல அவன் பக்கத்துல உக்கார வச்சேன். அப்பத்தான் புரிஞ்சது. அது சட் பூஜை. தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் சாயங்காலம் ஆத்துலயோ குளத்துலயோ இறங்கி நின்னு, மறையற சூரியனுக்குப் படைப்பாங்க. மறுநாள் விடியக்காலையில உதிக்கிற சூரியனுக்குப் படைப்பாங்க. பாதிச் சூரியன் சரியாத்தான் இருந்திருக்கு, நான்தான் அதை மாத்தச் சொல்லியிருக்கேன். அந்த வட்டம் வட்டமா இருந்தது தேக்குவா, கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைஞ்சு பொரிக்கிற பலகாரம். குச்சி? அது கரும்பு. அந்தக் கரும்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் அவன் வேலை.

கரும்புன்னு அக்கா சொன்னதுமே ஒரு பொண்ணு எழுந்துட்டா. 'டீச்சர், எங்க வீட்டுலயும் கரும்பு! எங்க வீட்டுலயும் சூரியன்!' அவன் முகத்தை நீங்க பாத்திருக்கணும். சொப்பைக் கீழ வைக்கவே இல்ல. அந்த இடத்துல எனக்கு 'பாத்தீங்களா, எல்லாப் பண்டிகையும் ஒண்ணுதான்'னு சொல்ல வாய் வந்தது. சொல்லலை, ஏன்னா அவனே அடுத்து சொன்னான், 'அம்மா அன்னைக்கு தண்ணிகூட குடிக்க மாட்டாங்க'ன்னு. அந்தப் பொண்ணு யோசிச்சுட்டு, 'எங்க வீட்டுல வேற மாதிரி, எங்கம்மா பொங்கல் சாப்பிடுவாங்க'ன்னா. ஒண்ணுதான்னு நான் முடிச்சிருந்தா, அவன் அம்மாவோட அந்த விரதம் வெளியவே வந்திருக்காது. ஒத்துமையைப் பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும், வித்தியாசத்தையும் அவங்களே சொல்லட்டும். நீங்க முடிவு சொல்லாதீங்க.

ஒரு சங்கடம் கண்டிப்பா வரும், தயாரா இருங்க. குலசாமிக்குக் கிடா வெட்டினதை யாராவது வரைஞ்சிருப்பாங்க. இன்னொரு பிள்ளை 'சீ'ன்னு சொல்லும். அப்ப 'அப்படிச் சொல்லக் கூடாது'ன்னு நீங்க அதட்டினா, சொன்ன பிள்ளையும் வாயை மூடும், வரைஞ்ச பிள்ளையும் தாளை மடிச்சுடும். நான் வரைஞ்ச பிள்ளைக்கிட்டயே திரும்புவேன்: 'அன்னைக்கு உன் வேலை என்ன கண்ணு?' அவ, 'ஆட்டுக்கு மாலை போட்டேன், தழை கொடுத்தேன், அப்புறம் அழுதேன்'னு சொன்னா. வட்டமே அமைதியாயிடுச்சு. 'சீ' சொன்ன பையன்கிட்ட, 'உங்க வீட்டுல எப்படி?'ன்னு மட்டும் கேட்டேன். 'எங்க வீட்டுல வேற மாதிரி'ன்னான். அது போதும். அவன் கறி சாப்பிடாத வீடு, அதைச் சொல்றதுக்கு அவனுக்கும் உரிமை இருக்கு.

வெறும் தாளைக் கொடுக்கிற பிள்ளைகிட்ட வட்டத்துல வச்சு எதுவும் கேக்காதீங்க. மதிய உணவு நேரத்துல தனியா கேளுங்க. 'இந்த வருஷம் தாத்தா செத்துட்டாங்க, எங்களுக்குப் பொங்கல் இல்ல'ன்னு ஒரு பையன் சொன்னான். தாத்தா இருந்தப்ப நடந்த நாளை வரையறியான்னு கேட்டேன், தாத்தா தோள்ல உக்காந்து தேர் பாத்ததை வரைஞ்சான்.

பாடம் ஏறுச்சான்னு பாக்க, அடுத்த வாரம் ஒரு கேள்வி கேளுங்க: 'உன் கூட்டத்துல இன்னொருத்தர் என்ன வேலை செஞ்சாங்க?' 'அவன் கரும்பு பிடிச்சான்', 'அவ கஞ்சி வாங்கப் போனா'ன்னு வந்தா சரி. 'அது முஸ்லிம் பண்டிகை, இது பீகார்க்காரங்க பண்டிகை'ன்னு மட்டும் வந்தா, உங்க கேள்வி எங்கயோ வேலையை விட்டுட்டுப் பேர் பக்கம் போயிருக்கு, அடுத்த தடவை கை போட்ட கட்டத்துல இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க.

தாளைச் சுவத்துல பிள்ளைங்க கண் உயரத்துக்குத் தொங்க விடுங்க, மதவாரியா பிரிக்காம உக்காந்திருக்கிற வரிசையில. பசை தடவாதீங்கம்மா, நூல் கட்டி கிளிப் போடுங்க. லீவு விடுற அன்னைக்கு அவங்க அதை வீட்டுக்குக் கொண்டு போகணும்.