'ரிவர்ட் பேக்' யாரைக் குழப்பும்?

வணக்கம். அலுவலக ஆங்கிலத் தவறுகள் என்றால் நீளமாக ஒரு பட்டியல் வாசிப்பார்கள். நான் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் 'ப்ரீபோன்'. நாலு மணி மீட்டிங்கை மூன்றுக்கு ப்ரீபோன் செய்தால் இங்கே எல்லோரும் மூன்றுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆக்ஸ்போர்டு அகராதியிலும் அந்தச் சொல் ஏறிவிட்டது. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லண்டன்காரருக்கு மெயில் போனால் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் 'மூவ்டு ஃபார்வர்டு' வேண்டாம். அதை முன்னே என்று சிலர் படிப்பார்கள், பின்னே என்று சிலர் படிப்பார்கள். "நாலு மணிக்கு இல்லை, மூன்றுக்கு" என்று நேரத்தையே எழுதிவிட்டால் வம்பில்லை.

அடுத்தது 'டிஸ்கஸ்டு அபவுட்'. இது இலக்கணப் பிழைதான், ஆனால் பொருள் கெடாது. 'டாக்' என்ற வினைக்கு 'அபவுட்' வேண்டும், 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு வேண்டாம்: 'வி டிஸ்கஸ்டு த பட்ஜெட்', அவ்வளவுதான். 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாகிவிட்டால் 'அபவுட்' தாராளமாக வரலாம். அந்தப் பழக்கம்தான் வினைக்கும் தொற்றிக்கொள்கிறது. 'மென்ஷன்' என்ற வினையும் இதே ரகம். 'ஹி மென்ஷன்டு அபவுட்' என்று எழுதாதீர்கள்.

சரி, ஆபத்தானதுக்கு வருவோம். 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 'ரிவர்ஷன்' என்றாலே வயிற்றைக் கலக்கும். மேல் பதவியிலிருந்து பழைய பதவிக்கு இறக்குவது அது. திரும்புவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'பேக்' வீண் என்பார்கள். அது சின்னக் குறை. பதில் சொல்வது என்ற பொருளில் நாம் அதைப் புழங்குவதுதான் பெரிய சிக்கல்.

மென்பொருள் வேலையில் பாருங்கள். `git revert` என்ற கட்டளை, ஏற்கெனவே செய்த ஒரு மாற்றத்தை ரத்துசெய்யும் புதிய பதிவு ஒன்றைப் போடும். இப்போது இங்கிருந்து ஒருவர் அமெரிக்கக் குழுவுக்கு எழுதுகிறார்: "நேற்றைய விலை மாற்றத்தைப் பாருங்கள், ப்ளீஸ் ரிவர்ட் பேக் பை ஈவினிங்." இவர் கேட்பது கருத்து. அங்கே படிப்பவருக்கோ, மாலைக்குள் அந்த மாற்றத்தை எடுத்துவிடு என்று கேட்கும். நல்லவேளையாக அவர் திருப்பிக் கேட்டால் ஒரு நாள் போகும். கேட்காமல் செய்துவிட்டால் பழைய விலையே மறுபடி வந்துவிடும். வாக்கியத்தில் இலக்கணம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம்கூட வராது.

'ப்ளீஸ் ரிப்ளை பை ஃபைவ்' என்று எழுதினால் போதும். உண்மையிலேயே ரத்துசெய்யச் சொல்வதானால் 'அன்டூ' என்று சொல்லி, எந்த மாற்றம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று: சிங்கப்பூர், மலேசியாவிலும் 'ரிவர்ட்' பதில் என்ற பொருளில் புழங்குகிறது. அங்கிருந்து மெயில் வந்தால், எதையாவது அழிக்கும் முன் என்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.