இரத்தப் பரிசோதனை முடிவு "Apr-48" ஆனது எப்படி? ஆய்வுகூடத்துக்கு எழுத வேண்டிய ஒரே ஒரு கடிதம்

[திரையில்: சாய்வாக ஸ்கேன் செய்யப்பட்ட ஒரு ரிப்போர்ட். மெல்லப் பெரிதாகிறது.]

வணக்கம். இந்தப் படத்தை நல்லாப் பாருங்க. பொட்டாசியம் 5.9. உங்க கண்ணுக்கு அது ஒரு எண். கிளினிக்கில இருக்கிற கணினிக்கோ, அது வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். போன மாதம் 4.4, இந்த மாதம் 5.9, கூடியிருக்குன்னு கணினி சொல்லாது. ஏன்னா அதுகிட்ட எண்ணே இல்லை, ஒரு புகைப்படம்தான் இருக்கு.

இவ்வளவுக்கும் இரத்தத்தைச் சோதிச்ச இயந்திரம் 5.9-ஐ எண்ணாத்தான் வெளியே அனுப்புது. ஆய்வுகூட மென்பொருளும் அதை எண்ணாத்தான் வச்சிருக்கு. அதுக்கப்புறம் அச்சடிச்சு, கையெழுத்து வச்சு, ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சல்ல அனுப்புறாங்க. கிளினிக்கில ஒரு பிள்ளை உக்காந்து அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு பண்ணுது.

மலையகத்து ஆட்களுக்கு இப்படிச் சொன்னா உடனே விளங்கும். கொழுந்து மடுவத்தில நிறுத்த கிலோவைப் பேரேட்டில எழுதாம, தராசை மட்டும் படம் பிடிச்சு அலுவலகத்துக்கு அனுப்பினா என்ன ஆகும்? மாசக் கடைசியில சம்பளம் போடுறவர் ஒவ்வொரு படத்தையும் திறந்து முள் எங்கே நிக்குதுன்னு பார்க்கணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு நிறுவை. இருநூறு பேர். யாருமே அப்படிச் செய்ய மாட்டாங்க. இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அதைத்தான் செய்றோம்.

இதை மாத்த ஒரு கடிதம் போதும். ஆனா "ரிப்போர்ட்டைச் சொஃப்ட் கொப்பியா அனுப்புங்க"ன்னு எழுதினீங்கன்னா மறுநாளும் அதே பிடிஎஃப்தான் வரும். ஆய்வுகூடத்தைப் பொறுத்தவரை பிடிஎஃப்தான் சொஃப்ட் கொப்பி. அதனால என்ன வேணும்ங்கிறதை வரி வரியாச் சொல்லணும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன கிளினிக் நிர்வாகி எழுதுறதா வச்சு, அந்தக் கடிதத்தையே இப்ப பார்ப்போம்.

[திரையில்: கடிதம். குரல் நிதானமாக வாசிக்கிறது.]

"ஆய்வுகூடப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

எமது நோயாளர்களின் பரிசோதனை முடிவுகளைத் தற்போது ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக அனுப்பி வருகிறீர்கள். கையெழுத்திட்ட அந்த அறிக்கை தொடர்ந்தும் எமக்குத் தேவை. அதனுடன், உங்கள் மென்பொருளில் ஏற்கெனவே உள்ள அதே முடிவுகளை, நாளுக்கு ஒரு சிஎஸ்வி கோப்பாகவும் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி இருக்க வேண்டும். நோயாளியின் பெயர் தேவையில்லை. எமது கிளினிக் இலக்கமும் பிறந்த திகதியும் போதும். இரத்தம் எடுத்த நேரமும், அது உங்களிடம் வந்து சேர்ந்த நேரமும் தனித்தனியே வேண்டும். அலகும், உசாத்துணை வீச்சு இருந்தால் அதுவும், ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். திருத்திய முடிவு என்றால் அதற்குரிய குறி இட வேண்டும்.

கோப்பை மென்பொருளிலிருந்து எடுத்தபடியே, வேறு எதிலும் திறந்து சேமிக்காமல் அனுப்பவும். மொத்த வரிகளின் எண்ணிக்கையை மின்னஞ்சலில் குறிப்பிடவும். கோப்பைக் கடவுச்சொல் இட்டு அனுப்பவும். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் பெற்றுக்கொள்கிறோம்.

முதல் இரண்டு வாரங்களுக்கு பிடிஎஃப்பையும் கோப்பையும் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடுகளை அன்றே தெரிவிப்போம். உங்கள் மென்பொருளை வழங்கியவருடன் பேச வேண்டியிருந்தால், மாதிரிக் கோப்பு ஒன்றை இத்துடன் இணைத்துள்ளோம்."

அவ்வளவுதான். சிஎஸ்விங்கிறது, ஒவ்வொரு மதிப்பையும் காற்புள்ளியால பிரிச்சு எழுதின வெறும் எழுத்துக் கோப்பு. கடைசி வரியில சொன்ன மாதிரிக் கோப்பை மறக்காதீங்க. கடிதத்தை விட வேலை செய்யப் போறது அதுதான்.

[திரையில்: மாதிரிக் கோப்பு.]

```
order_no,clinic_no,dob,collected_at,received_at,test_code,op,value,unit,ref_low,ref_high,status
H20611,0004127,1968-02-11,2025-06-05T06:40,2025-06-05T11:15,4548-4,,8.1,%,,,F
H20611,0004127,1968-02-11,2025-06-05T06:40,2025-06-05T11:15,2823-3,,5.9,mmol/L,3.5,5.1,F
H20611,0004127,1968-02-11,2025-06-05T06:40,2025-06-05T11:15,1988-5,<,5,mg/L,,5,F
```

பெயர் ஏன் வேண்டாம்னா, நம்ம பக்கம் ஒரே அம்மா ஒரு சீட்டில லெட்சுமி, இன்னொண்ணுல லட்சுமி, அடையாள அட்டையில இலட்சுமி. ஆங்கிலத்தில எழுதும்போது இன்னும் நாலு விதம். பெயரை வச்சுக் கணினி ஆளைச் சேர்த்தா ஒருத்தர் மூணு பேர் ஆவார், இல்லாட்டி மூணு லெட்சுமி ஒரே ஆள் ஆயிடுவாங்க. ரெண்டாவதுதான் ஆபத்து. இலக்கம், பிறந்த திகதி ரெண்டும் பொருந்தினா மட்டும்தான் முடிவை ஏத்தணும்.

`op` என்கிற பத்தியில `<` தனியா நிக்குது பாருங்க. அழற்சியைக் காட்டுற சிஆர்பி 5-க்குக் கீழேன்னு இயந்திரம் சொல்லும். `<5`ன்னு ஒண்ணா எழுதினா அது எண் இல்லை, எழுத்து. குறியைத் தள்ளிட்டு 5-ஐ மட்டும் எடுத்தா இல்லாத அளவு ஒண்ணு பதிவாகும்.

இப்ப தலைப்புக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

`test_code` பத்தியில இருக்கிறது லொயின்க் குறியீடு. உலகம் முழுக்க ஆய்வுகூடப் பரிசோதனைகளுக்குக் கொடுத்திருக்கிற பொது இலக்கம். எச்பிஏ1சி-க்கு 4548-4. பொட்டாசியத்துக்கு 2823-3. சிஆர்பி-க்கு 1988-5. கோட்டுக்குப் பின்னால இருக்கிற ஒரு இலக்கம், தட்டச்சுப் பிழையைப் பிடிக்கிறதுக்கான சரிபார்ப்பு இலக்கம்.

ஆய்வுகூடத்தில ஒரு தம்பி, சரியா வந்திருக்கான்னு பார்க்கிற நல்ல எண்ணத்தில, இந்தக் கோப்பை எக்செல்ல இரட்டைக் கிளிக் பண்ணித் திறக்கிறார். எக்செல் 4548-4-ஐப் பார்க்குது. நாலு இலக்கம், ஒரு கோடு, ஒரு சின்ன எண். ஓ, இது 4548-ஆம் வருஷம் 4-ஆம் மாதம்னு எடுத்துக்குது. கட்டத்தில `Apr-48`னு காட்டுது. பொட்டாசியம் `Mar-23` ஆகுது. சிஆர்பி `May-88`. சேமிச்சுட்டு மூடினார்னா, கோப்புக்குள்ளயும் அதுதான் எழுதப்படும். முன்னால இருந்த 45-ம் 28-ம் போயே போச்சு, திருப்பி எடுக்க வழி இல்லை. அதே மூச்சில 0004127 என்கிற கிளினிக் இலக்கம் 4127 ஆயிடும்.

இதுல இன்னொரு நுணுக்கம். எல்லாக் குறியீடும் இப்படி மாறாது. கிரியேட்டினின் 2160-0 தப்பிச்சிடும், ஏன்னா பூச்சியமாவது மாதம்னு ஒண்ணு இல்லை. ஹீமோகுளோபின் 718-7 தப்பிச்சிடும், எக்செல்லின் நாட்காட்டி 1900-லதான் தொடங்குது. ஐந்து இலக்கக் குறியீடுகளும் தப்பும், எக்செல்லுக்கு வருஷம் 9999-ஓட முடிஞ்சிடும். அதனாலதான் கண்டுபிடிக்கிறது கஷ்டம். கோப்பில பாதி ஒழுங்கா ஏறும், பாதி ஏறாது. கிளினிக் மென்பொருள் தெரியாத குறியீட்டைச் சத்தமில்லாமத் தாண்டிப் போனா, கிரியேட்டினின் மட்டும் வந்து பொட்டாசியம் வராம நிக்கும். இன்னும் முடிவு வரலைன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க.

அதனாலதான் கடிதத்தில "வேறு எதிலும் திறந்து சேமிக்காமல்" என்கிற வரி. உங்க பக்கமும் ஒரு விதி வேணும். பட்டியல்ல இல்லாத குறியீடு ஒண்ணு வந்தாலும் முழுக் கோப்பையும் நிறுத்தணும், தாண்டிப் போகக்கூடாது. பார்த்தே ஆகணும்னா நோட்பேட்ல திறங்க. எக்செல்தான் வேணும்னா, வெறும் தாளைத் திறந்து `Data` > `From Text/CSV` வழியா எடுத்து, தரவு வகையைக் கண்டறிய வேண்டாம்னு தெரிவு செய்ங்க.

சின்ன ஆய்வுகூடத்துக்கு லொயின்க் தெரியாட்டி வற்புறுத்தாதீங்க. அவங்க சொந்தக் குறியீட்டையே கேளுங்க, கூடவே எது எந்தப் பரிசோதனைன்னு ஒரு பட்டியல். பொருத்துற வேலையை உங்க பக்கம் ஒரே தடவை செஞ்சுக்கலாம். பெரிய ஆய்வுகூடம், மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள்ள தரவைப் பரிமாறிக்கிற எச்எல்7 செய்தியாவே அனுப்ப முடியும்னா அது இதைவிட நல்லது. அதுல முடிவுகளை அனுப்புற செய்தி வகையை `ORU^R01`னு கேக்கணும்.

அடுத்தது அந்த ரெண்டு நேரம். ஸ்கேன் பண்ணின தாள்ல பெரும்பாலும் அச்சடிச்ச நேரம்தான் இருக்கும். மாதிரிக் கோப்பில பாருங்க, காலை 6.40-க்கு எடுத்த இரத்தம் 11.15-க்குத்தான் ஆய்வுகூடம் போயிருக்கு. மலைப் பாதை பஸ், அப்படித்தான் ஆகும். குழாயைச் சுழற்றிச் சீரத்தைப் பிரிக்காமக் குளிர்ல வச்சா, செல்லுக்குள்ள பொட்டாசியத்தை நிறுத்தி வைக்கிற பம்ப் மந்தமாகும். பொட்டாசியம் வெளியே கசியும். நோயாளிக்கு ஒண்ணும் இருக்காது, முடிவில மட்டும் கூடிக் காட்டும். நுவரெலியாப் பனியில வெளியில வச்ச குழாய்க்கு இது நல்லாவே பொருந்தும். அப்ப இந்த 5.9-ஐ எப்படிப் பார்க்கணும்? நாலரை மணி நேர இடைவெளின்னு தெரிஞ்சா, மருத்துவர் ஈசிஜி ஒண்ணு எடுத்துப் பார்த்து, புதுசா இரத்தம் எடுத்து, அங்கேயே சுழற்றி அனுப்பச் சொல்லலாம். இடைவெளியே தெரியாட்டி அந்த யோசனை எங்கிருந்து வரும்? உண்மையாவே கூடியிருந்தா அது இதயத்துக்கு ஆபத்து, அதையும் விட்டுவிட முடியாது.

சீனி இதுக்கு நேர்மாறு. பிரிக்காத இரத்தத்தில செல்கள் அதைத் தின்னுக்கிட்டே இருக்கும், சாதாரண வெப்பத்தில மணிக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். 130 `mg/dL` இருந்தது நாலு மணி நேரத்தில கிட்டத்தட்ட 100 ஆகிடும். சீனி வருத்தம் உள்ளவருக்கு இல்லைன்னு சொல்லி அனுப்ப அது போதும்.

அலகைப் பத்தி ஒரே வசனம்: கிரியேட்டினின் 1.3 `mg/dL`-ம் 115 `umol/L`-ம் ஒரே அளவு, 88.4-ஆல பெருக்கினா வரும், அலகு இல்லாத எண்ணை ஏத்தவே ஏத்தாதீங்க.

`status` பத்தியில `F` முடிந்த முடிவு, `C` திருத்தியது, `P` தற்காலிகம். பிடிஎஃப்ல திருத்தின ரிப்போர்ட் பழையதுக்குப் பக்கத்தில இன்னொரு கோப்பா வந்து உக்காரும், எது கடைசின்னு யாருக்கும் தெரியாது. `C` வந்தா அதே `order_no`, அதே `test_code` உள்ள பழைய வரியை மறைச்சு, மருத்துவருக்கு அன்றே சொல்லணும்.

இன்னொண்ணு, வாட்ஸ்அப் குழுவில இந்தக் கோப்பைப் போடாதீங்க. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாப் பார்க்குது.

[திரையில்: நோட்பேட்ல திறந்த கோப்பு, தேடல் பெட்டி.]

உங்க கிளினிக்குக்கு ஏற்கெனவே இப்படிக் கோப்பு வருதா? இப்பவே நோட்பேட்ல திறந்து, `Apr-`, `Mar-`, `May-`னு ஒவ்வொண்ணாத் தேடிப் பாருங்க. அகப்பட்டா எந்தப் பரிசோதனைன்னு கமெண்டில எழுதுங்க, நோயாளி விபரம் வேண்டாம், குறியீடு மட்டும். கீழே அந்தக் கடிதமும் மாதிரிக் கோப்பும் இருக்கு, எடுத்து உங்க கிளினிக் பெயரைப் போட்டு அனுப்புங்க.