மூடிய கலனும் திறந்த பாத்திரமும்: எங்கே A, எங்கே G?

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தலைப்பைக் கொடுத்ததும் எனக்குப் பழைய விடைத்தாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்று கணக்கிடச் சொல்லியிருந்தோம். ஆவியாதலுக்கான என்தால்பி மாற்றமும் என்ட்ரோபி மாற்றமும் கேள்வியிலேயே இருந்தன. எல்லோரும் 373 கெல்வின் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 347 கெல்வின் என்று எழுதியிருந்தாள், அதாவது சுமார் 74 டிகிரி செல்சியஸ். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. அவள் எடுத்துக்கொண்ட சார்புதான் வேறு. மற்றவர்கள் கிப்ஸ் ஆற்றலைச் சுழியாக்கினார்கள், இவள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றலைச் சுழியாக்கியிருந்தாள்.

பெயரிலேயே கொஞ்சம் குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். U என்றால் அக ஆற்றல், H என்றால் என்தால்பி, S என்றால் என்ட்ரோபி, T என்றால் வெப்பநிலை. 1882-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 'கட்டிலா ஆற்றல்' என்று சொன்னது U − TS என்பதைத்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் கிப்ஸ் இதையும் H − TS என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டார். பிறகு வேதியியலார்கள் 'கட்டிலா ஆற்றல்' என்ற பெயரை இரண்டாவதற்குக் கொடுத்துவிட்டார்கள். இயற்பியல் புத்தகத்தில் F என்று இருந்தால் அது ஹெல்ம்ஹோல்ட்ஸ். பழைய அமெரிக்க வேதியியல் புத்தகத்தில் அதே F கிப்ஸ்! நூலகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவன் கதி அதோகதிதான். நான் இன்றைக்கு A என்றால் U − TS, G என்றால் H − TS. A என்ற எழுத்து, வேலை என்று பொருள்படும் 'ஆர்பைட்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து.

சரி, இரண்டு சார்புகள் எதற்கு? ஒரு மாற்றம் தானாக நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது உண்மையில் ஒன்றே ஒன்றுதான்: அமைப்பு, சூழல் இரண்டின் என்ட்ரோபியும் சேர்ந்து கூட வேண்டும். அமைப்பு q அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டால், சூழலின் என்ட்ரோபி q/T அளவு குறைகிறது. ஆகவே நிபந்தனை இது:

ΔS − q/T ≥ 0

இதில் நமக்குத் தொல்லை தருவது q. சூழலுக்குப் போய் அளந்துகொண்டிருக்க முடியாது. அமைப்பின் சொந்தக் கணக்கிலிருந்தே q-ஐ எடுக்க முடிந்தால் நல்லது. கலனின் சுவர் அசையாமல் கனஅளவு மாறாமல் இருந்தால் அழுத்த வேலையே கிடையாது. வந்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலுக்குப் போகிறது, அதாவது q = ΔU. அப்போது நிபந்தனை ΔU − TΔS ≤ 0 என்று ஆகிறது. இதுதான் ΔA ≤ 0. அழுத்தம் மாறாமல் இருந்தால் வெப்பத்தின் ஒரு பங்கு வெளியே இருப்பதைத் தள்ளச் செலவாகிறது. அப்போது q = ΔH, நிபந்தனை ΔG ≤ 0. அவ்வளவுதான். A-யும் G-யும் தனித்தனி விதிகள் இல்லை. இரண்டாம் விதி ஒன்றே, சூழலுக்கு எவ்வளவு வெப்பம் போனது என்று கணக்கெழுதும் முறைதான் இரண்டு. இரண்டுக்குமே வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும், மின்கலம் தருவதுபோன்ற வேறு வேலை எதுவும் நடக்கக் கூடாது. இதை மறந்துவிட வேண்டாம்.

இப்போது அந்த மாணவியின் தண்ணீருக்கு வருவோம். திறந்த பாத்திரம், ஒரு வளிமண்டல அழுத்தம், 100 டிகிரி. ஒரு மோல் தண்ணீர், அதாவது 18 கிராம், ஆவியாக 40.7 கிலோஜூல் தேவை. அது திரவமாக இருக்கும்போது ஒரு மேசைக்கரண்டியை நிரப்பும் அளவுதான். ஆவியானதும் ஏறத்தாழ 30 லிட்டர். அந்த 30 லிட்டர் இடத்தில் ஏற்கெனவே காற்று இருந்தது, அதை நீராவி தள்ளிவிட்டுத்தான் உட்கார வேண்டும். தள்ளுவதற்கான செலவு 3.1 கிலோஜூல். ஆக, உள்ளே வந்த 40.7-இல் 37.6 தான் நீராவியின் அக ஆற்றலாகத் தங்குகிறது.

100 டிகிரியில் TΔS-உம் 40.7 கிலோஜூல். எனவே ΔG சுழி. தண்ணீரும் ஆவியும் சமநிலையில் இருக்கின்றன, எந்தப் பக்கமும் சாய்வில்லை. ஆனால் ΔA என்ன? 37.6 கழித்தல் 40.7, அதாவது −3.1 கிலோஜூல். எதிர்க்குறி! 'A குறைகிறது, ஆகவே தானாக நடக்கும்' என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? 95 டிகிரியில் ΔG சுமார் +0.5 கிலோஜூல், அதனால் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு எதிராகத் தண்ணீர் கொதிக்காது. ΔA அங்கேயும் −2.5 கிலோஜூல். A-வை நம்பினால் 95-இலும் கொதிக்க வேண்டும், 90-இலும் கொதிக்க வேண்டும். ΔA சுழியாகும் இடம்வரை கீழே இறங்கினால் 74 டிகிரி வருகிறது. அந்த மாணவியின் விடை இதுதான். காற்றைத் தள்ளும் 3.1 கிலோஜூலை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தச் செலவுக்கான வெப்பத்தைச் சூழல் கொடுத்தது, சூழலின் என்ட்ரோபி அந்த அளவுக்குக் குறைந்தது. A-வின் கணக்கில் அந்த வரியே கிடையாது, ஏனென்றால் அது சுவர் அசையாது என்று நம்பி எழுதிய கணக்கு.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரியும். திருப்பிப் போட்டால் என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அதனால் அதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

ஒரு லிட்டர் எஃகுக் கலன். காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்தாயிற்று. உள்ளே 18 கிராம் தண்ணீர். சுற்றிலும் 100 டிகிரியில் ஒரு தொட்டி. கலன் விரியாது, சுருங்காது. எவ்வளவு தண்ணீர் ஆவியாகி நிற்கும்? சோதனையில் தெரிந்த விடை எல்லோரும் அறிந்ததே: நீராவியின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தைத் தொட்டதும் நிற்கும். தண்ணீர் பிடித்த இடம் போக மீதி 0.98 லிட்டரில் அது 0.032 மோல், அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

A இதைச் சரியாகச் சொல்கிறதா பார்ப்போம். தொடக்கத்தில் ஆவி இல்லாத நிலையை A-வுக்குச் சுழி என்று வைத்துக்கொள்வோம். நீராவியை நல்லியல்பு வாயுவாக எடுத்துக்கொள்கிறேன், திரவத்தின் சிறு மாற்றங்களை விட்டுவிடுகிறேன். ஆவி n மோல், சமநிலை அளவு n₀ என்றால்:

ΔA = RT [ n ln(n/n₀) − n ]

பாதி அளவு, அதாவது 0.016 மோல் ஆவியானதும் A −84 ஜூல். 0.032 மோலில் −99 ஜூல். அதையும் தாண்டி இரண்டு மடங்கு ஆவியாக்கினால் −61-க்கு ஏறிவிடுகிறது. ஒரு கிண்ணத்தின் அடிப்பகுதிபோல 0.032-இல் A மிகக் குறைவு. தண்ணீர் அங்கேதான் நிற்கிறது.

இப்போது அதே கலனுக்கு G-யை எழுதுங்கள். A-வோடு pV-யைக் கூட்ட வேண்டும், ஆவி கூடக் கூட p-யும் கூடுகிறது. கூட்டினால் வருவது:

ΔG = RT n ln(n/n₀)

இதன் அடிப்பகுதி எங்கே? n என்பது n₀-வில் 37 சதவீதம் ஆகும்போது. அதாவது 0.012 மோல், 0.37 வளிமண்டல அழுத்தம். அங்கே G −37 ஜூல், பிறகு ஏற ஆரம்பித்து 0.032 மோலில் மறுபடி சுழிக்கே வந்துவிடுகிறது. G-யை நம்பியவர் 'அழுத்தம் 0.37-ஐத் தொட்டதும் ஆவியாதல் நின்றுவிடும்' என்று சொல்வார். அழுத்தமானியோ நிற்காமல் ஏறி ஒன்றைத் தொடும். மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே கடையை மூடிவிட்டது G! காரணம் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். pV என்பது வெளியே தள்ளும் செலவு. இங்கே தள்ளுவதற்கு ஆளே இல்லை, எஃகுச் சுவர் அசையவே இல்லை. இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றினால் வியாபாரம் நஷ்டமாகத்தான் தெரியும்.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஆய்வகத்தில் மூடிய கலனில் வினை நடத்துகிறோம், ஆனால் சமநிலை மாறிலியை G-யிலிருந்துதான் எடுக்கிறோம். அது எப்படிச் சரியாக வருகிறது? மொத்தத் தொகையையும் சரிவையும் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கனஅளவை நிறுத்தி இன்னும் துளி ஆவியாக்கினால் A எவ்வளவு மாறும் என்று கேளுங்கள். நீராவியின் வேதி அழுத்தம், அதாவது ஒரு மோலுக்கான அதன் G, கழித்தல் திரவத்தின் வேதி அழுத்தம் என்று வரும். அந்தக் கணத்தில் உள்ள அழுத்தத்தையே நிறுத்தி, துளி ஆவியானால் G எவ்வளவு மாறும் என்று கேளுங்கள். அதே வித்தியாசம்தான் வரும்! ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்கும் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் இரண்டுக்கும் சண்டையே இல்லை. வேதியியலார்கள் ஒரு மோலுக்கான ΔG என்று எழுதுவது இந்தச் சரிவைத்தான், அதனால் மூடிய கலனிலும் அது பொய்க்காது. மேலே நாம் தவறியது, அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும்போது கலன் முழுவதின் G-யையும் கூட்டி அதன் அடிப்பகுதியைத் தேடியதால்தான்.

வாயு இல்லாத மாற்றங்களில் இந்த வம்பு அநேகமாக இல்லை. கிராஃபைட் வைரமானால் ஒரு மோலுக்குக் கனஅளவு இரண்டு கன சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் மாறுகிறது. சாதாரண அழுத்தத்தில் ΔG-க்கும் ΔA-வுக்கும் வித்தியாசம் 0.2 ஜூல், ΔG-யோ 2,900 ஜூல். எதை எடுத்தாலும் ஒரே விடை. அழுத்தத்தைப் பத்தாயிரம் மடங்கு ஏற்றினால் இந்தப் பேச்சு செல்லாது என்பது வேறு விஷயம்.

முன்வரிசையில் ஒருவர் கூட்டம் தொடங்குமுன்பே என்னிடம் கேட்டார்: 'சார், குக்கரில் எது?' நல்ல கேள்வி. வெயிட் அசையும்வரை குக்கர் ஏறக்குறைய மூடிய கலன்தான். கனஅளவு மாறவில்லை, அழுத்தம் ஏறுகிறது, ஒவ்வொரு வெப்பநிலையிலும் எவ்வளவு ஆவி நிற்கும் என்பதை A-வின் அடிப்பகுதி சொல்கிறது. உள்ளே சிக்கிய கொஞ்சம் காற்று இதைப் பெரிதாக மாற்றாது. வெயிட் தூக்கி விசில் வந்த பிறகு அழுத்தத்தை வெயிட் பிடித்து நிறுத்துகிறது, இரண்டு வளிமண்டலத்துக்குப் பக்கத்தில். அப்போது கேட்க வேண்டியது G-யை. அந்த அழுத்தத்தில் தண்ணீருக்கும் ஆவிக்கும் G சமமாவது 120 டிகிரியில். அதனால்தான் எவ்வளவு தீ வைத்தாலும் உள்ளே இருக்கும் பருப்பு அதற்கு மேல் சூடாவதில்லை, விசில்தான் கூடுதலாக வரும்.